நட்சத்திரம் கேட்கும் நேரம்

வேலூர் லாங் பஜாரில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் அமர்ந்து, ஈராண்டுக் காலம் ஒரு செயலிக்குத் தமிழ் எழுதினேன். அதற்கு முன்பு பாடநூல் அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தி வந்தேன். அங்கே பிழையைக் களைவது வேலை. இங்கே சொல்லைக் குறைப்பது வேலை. 'தங்கள் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்' என்று எழுதிக் கொடுத்தால், நிரலாளர் கைப்பேசியை என் பக்கம் திருப்பி, வாக்கியத்தின் பாதி பொத்தானுக்கு வெளியே தொங்குவதைக் காட்டுவார். 'பேருந்து அருகில்' என்று முடித்துக்கொள்வேன். முடித்த பிறகு அதுவே போதுமானதாக இருப்பதை ஒவ்வொரு முறையும் சிறிது வருத்தத்துடன் ஒப்புக்கொள்வேன்.

நாங்கள் இருவரே. நிரல் அவருடையது, திரையில் தெரியும் சொல் என்னுடையது. செயலியின் பணி எளிது. ஆம்பூருக்கு வெளியே உள்ள ஒரு காலணித் தொழிற்சாலை, சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தொழிலாளர்களைத் தன் பேருந்துகளில் அழைத்து வரும். அந்தப் பேருந்து இப்போது எங்கே வருகிறது என்பதைச் செயலி ஒரு நீலப் புள்ளியாகக் காட்டும். விடியற்காலையில் சாலையோரம் எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல் நின்ற பெண்களுக்காகச் செய்தது அது.

ஓர் ஆண்டுச் சோதனை முடிய மூன்று மாதங்கள் இருந்தபோது, தொழிற்சாலையின் போக்குவரத்து அலுவலர் எங்களை அழைத்துப் பேசினார். அதே நிறுவனத்துக்கு மேலும் மூன்று தொழிற்சாலைகள் உண்டு. தலைமை அலுவலகத்தார் செயலியை அங்கும் கொண்டுபோகலாமா என்று முடிவெடுக்கும் முன், செயலிக் கடையில் அதற்கு எத்தனை நட்சத்திரம் இருக்கிறது என்று பார்ப்பார்களாம். நான்குக்குக் குறைந்தால் சோதனையோடு சரி.

அப்போது எங்களிடம் இருந்தது மூன்று புள்ளி ஒன்று.

"இன்னா மேடம், நல்லாத்தானே ஓடுது ஆப்பு? அப்புறம் ஏன் கம்மியா இருக்குது?" என்று அவர் கேட்டார்.

காரணம் எங்களுக்குத் தெரியும். செயலி சரியாக வேலை செய்யும் நாளில் எவரும் கடைப் பக்கத்தைத் தேடிப் போய்ப் பாராட்டி எழுதுவதில்லை. பேருந்தைத் தவறவிட்ட நாளில் தேடிப் போகிறார்கள். மொத்தம் மதிப்பிட்டவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். அவர்களுள் பாதிப் பேர் கோபத்தில் வந்தவர்கள். மற்றவர்களிடம் நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.

சோதனை நின்றுபோனால் எனக்கு ஒன்றும் பெரிதாகக் கெட்டுவிடாது. மெய்ப்புத் திருத்த ஆள் தேடும் அச்சகங்கள் இன்னும் உண்டு. நிரலாளரின் நிலை வேறு. அவருக்குப் பெங்களூரில் ஒரு வேலை காத்திருந்தது. அவருடைய மனைவி வேலூர் மருத்துவமனையொன்றில் செவிலியர். மகள் இரண்டாம் வகுப்பு. "நான் அங்க, இவங்க இங்க. வாரத்துக்கு ஒரு நாள் அப்பாவா இருக்கணும், அக்கா" என்றார் ஒருமுறை. பெங்களூரிலிருந்து வந்த கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதாமல் வைத்திருந்தார்.

மதிப்பீடு கேட்கும் வேண்டுகோளை நான் எழுதுவதென்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு நாள் உழைத்தேன். பணிவு வேண்டும்; கெஞ்சல் கூடாது. 'நல்ல' மதிப்பீடு என்று சொல்லிவிடக் கூடாது. அது கையை முறுக்குவது போலாகும். மூன்றே வாக்கியங்கள். மூன்றாம் நாள் தாளை அவர் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அழகா இருக்குது அக்கா. ஆனா இதப் போட முடியாது."

"நீளமா?"

"நீளம் இல்ல. ஸ்டாரு கேட்டு ஸ்கிரீன்ல வருதே, அந்த அட்டை நம்மளுது கெடையாது. ஸ்டோருது. 'இப்பக் காட்டு'ன்னு நம்ம ஆப் கேக்கும். அட்டைய அவங்க காட்டுவாங்க. அதுல அஞ்சு ஸ்டாரு, அவங்க எழுதின வார்த்த. ஒரு எழுத்து நம்ம மாத்த முடியாது."

"அதற்கு முன்னால் ஒரு வரி கேட்கலாமே? 'செயலி உங்களுக்குப் பயன்படுகிறதா?' என்று. ஆம் என்பவர்களிடம் அட்டையைக் காட்டலாம்."

"எல்லாருக்கும் வர்ற ஆசைதான் அது. ஸ்டோர்ல கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்காங்க. முன்னாடி கருத்துக் கேட்டு ஆளப் பிரிக்கக் கூடாது. அதும் இல்லாம, நம்ம கேட்டாலும் அவங்க காட்டியே ஆகணும்னு இல்ல. ஒரே ஆளுக்கு அடிக்கடி கேட்டா காட்டாம விட்டுருவாங்க. காட்டினாங்களா, அந்த ஆளு ஸ்டார் போட்டாரா, எதுவுமே நமக்குச் சொல்ல மாட்டாங்க."

"அப்படியானால் நம் கையில் என்னதான் இருக்கிறது?"

"எப்பக் கேக்கறதுன்றது. அது மட்டும்தான்."

தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். சொல்லை நம்பி வாழ்ந்தவளுக்குச் சொல்லே இல்லாத ஒரு வேலை வந்து சேர்ந்திருந்தது.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க அன்று எங்களுக்கு அரை மணி நேரமே பிடித்தது. செயலியைத் திறந்ததும் கேட்பது மடமை. அவர்கள் ஒரு காரியமாகத் திறக்கிறார்கள். மகிழ்ச்சியான கணத்தில் கேட்க வேண்டும். இந்தச் செயலியில் மகிழ்ச்சியான கணம் எது? பேருந்து வந்துவிட்டது என்று தெரியும் கணம். நீலப் புள்ளி நிறுத்தத்தை நெருங்கி, 'பேருந்து அருகில்' என்ற என் இரண்டு சொற்கள் தோன்றியவுடன் அட்டை வரட்டும் என்றார் அவர். எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது. பத்து முறையாவது பயன்படுத்தியவர்களிடம் மட்டும் கேட்பது என்று ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொண்டோம். அதிலேயே எங்கள் நாகரிகம் முழுவதும் இருப்பதாக நினைத்தோம்.

அவர் அலுவலகத்துக்கு இருசக்கர வண்டியில் வருபவர். நான் நடந்து வருபவள். எங்கள் இருவரில் ஒருவரும் அந்தப் பேருந்துக்காக ஒருநாளும் நின்றதில்லை என்பது அன்று எங்கள் நினைவுக்கே வரவில்லை.

புதிய பதிப்பு வெளியான ஒரு வாரத்தில் எண் இரண்டு புள்ளி ஏழுக்கு இறங்கியது. ஒற்றை நட்சத்திரங்கள் வரிசையாக வந்தன. பெரும்பாலும் எழுத்தே இல்லை. ஒன்றில் மட்டும் இரண்டு வரி இருந்தது:

"பஸ்ஸ காட்ற எடத்துல ஸ்டாரு காட்டுது. ஸ்டாரப் பாத்துனு இருக்கும்போது பஸ்ஸு போய்ட்டுது."

அதைப் படித்ததும் நிரலாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். கீழே மெத்தைக் கடையில் பஞ்சு அடிக்கும் ஓசை நின்று நின்று கேட்டது. அட்டையை உடனே நிறுத்திவிடலாமே என்றேன். முடியாது என்றார். நேரத்தைச் செயலிக்குள்ளேயே எழுதிவிட்டதால், அடுத்த பதிப்பை ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளும்வரை பழைய அட்டை பழைய நேரத்திலேயே தலைகாட்டும். அன்று மாலைக்குள் கேள்வியை நீக்கிய பதிப்பை அனுப்பினார். கூடவே, எப்போது கேட்பது, கேட்பதா வேண்டாமா என்பதை இனி எங்கள் மேசையிலிருந்தே மாற்றும்படி ஒரு விசையையும் அமைத்தார். "இத மொதல்லயே செஞ்சிருக்கணும்" என்று தமக்குத் தாமே மூன்று முறை சொன்னார்.

அந்த இரண்டு வரியை எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடைப் பக்கத்தில் பெயருக்குப் பதில் ஒரு பூவின் படம் இருந்தது. ஆனால் அந்த வாரத்தில் பேருந்து தவறியதாகத் தொழிற்சாலையில் பதிவானது ஒரே ஒரு நிறுத்தத்தில்தான். ஆம்பூரிலிருந்து பாலாற்றைக் கடந்து மலைப் பக்கமாகப் போகும் சாலையில் ஒரு சிற்றூர். அங்கே என் கணவரின் அத்தை வீடு உண்டு. முந்தின நாள் போய்த் தங்கி, விடிவதற்கு முன் நிறுத்தத்துக்கு வந்தேன்.

நிறுத்தத்தில் ஒரே ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். சாப்பாட்டுப் பை தோளில், கைப்பேசி கையில். பத்துப் பேர் ஏறும் நிறுத்தம் என்று பட்டியலில் பார்த்த நினைவு எனக்கு. மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"வூட்ல."

"பேருந்துக்கு நேரமாகிவிட்டதே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு மேடம்? ஆபீஸா?"

செயலியில் எழுதுபவள் என்றேன். அவர் முகம் மாறியது.

"ஓ! அந்த ஸ்டாரு நீங்கதானா? வாங்க வாங்க. உங்களத்தான் தேடினு இருந்தேன்."

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். திரையில் நீலப் புள்ளி பாலாற்றுப் பாலத்தின் மேல் ஏறியிருந்தது. அவர் விரல் விரைந்தது. ஓர் எண்ணுக்கு அழைப்பு. இரண்டு மணி ஒலித்ததும் துண்டிப்பு. அடுத்த எண், இரண்டு மணி, துண்டிப்பு. இப்படி ஒன்பது முறை. அந்த ஒன்பது அழைப்பும் முடிவதற்குள் தெருவில் கதவுகள் திறக்கும் ஓசை கேட்டது. தலையில் பூவைச் செருகியபடி ஒருவர், கையில் பாத்திரத்துடன் ஒருவர், செருப்பை மாட்டிக்கொண்டே ஒருவர் என்று ஓடி வந்தார்கள். கடைசிப் பெண் சாலைக்கு வரும்போது பேருந்தின் விளக்கு வளைவில் தெரிந்தது. வண்டி அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

ஊர் முழுவதற்கும் ஒரு செயலி, ஒரு கைப்பேசி, ஒரு காவல். மற்றவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் பொத்தான் வைத்த பழைய கைப்பேசிகள். இரண்டொருவர் நல்ல கைப்பேசி வைத்திருந்தும், காலையில் அடுப்பருகே நின்றுகொண்டு புள்ளியைப் பார்க்க ஏது கை? பாலத்தில் பேருந்து ஏறியதும் தவறிய அழைப்பு. அதை எவரும் எடுத்துப் பேசக் கூடாது. எழுந்து ஓட வேண்டும். எங்கள் அட்டை வந்து திரையை மூடியது சரியாக அந்தப் பாலத்தில்தான். 'நிறுத்தத்தை நெருங்குதல்' என்று நாங்கள் வைத்த தொலைவு அந்தப் பாலத்தின் நடுவே வந்து விழுந்திருந்தது.

அலுவலரிடம் முன்பே கேட்டிருந்ததால் நானும் பேருந்தில் ஏறினேன். காவல் நின்ற பெண் தன் பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

"அன்னிக்கு அது வந்துச்சு பாருங்க, நான் இன்னாவோ போன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டேன். எங்க தட்டறதுன்னே தெரியல. பின்னாடி போற பட்டன அமுத்தினா மேப்பே போய்ட்டுது. மறுபடி தொறந்து, எட்டு பேருக்குத்தான் அடிச்சேன். அதுக்குள்ள வண்டி வந்துட்டுது." முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மெலிந்த பெண்ணைத் தலையசைத்துக் காட்டினார். "அவ ஏறல. வேற வண்டி புடிச்சு வர்றதுக்குள்ள கம்பெனி கேட்டு சாத்திட்டாங்க. ஏற்கெனவே லேட்டுன்னு ஒரு வாட்டி எழுதி வெச்சிருந்தாங்க. இப்ப ரெண்டாவது வார்னிங். மூணாவது வந்தா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"நீங்கள்தான் அந்த இரண்டு வரியை எழுதினீர்களா?"

"பின்ன? ஸ்டாரு கேட்டீங்க. ஒண்ணு குடுத்தேன்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "ஒண்ணே ஜாஸ்திடி" என்றது.

நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? பிறகு கேட்டேன்: "எப்போது கேட்டிருந்தால் உங்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்காது?"

"கேக்காமயே இருங்களேன்."

"கேட்டுத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் செயலி நின்றுபோகும்."

"நின்னுபோவுமா?" அவர் திரும்பிப் பார்த்தார். "அப்ப காலைல கேக்காதீங்க மேடம். காலைல எங்கூட்டுக்காரரே எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டாரு."

அன்று முழுவதும் ஆம்பூரிலேயே இருந்தேன். காலையில் வாயிலில் கைப்பேசிகளை வாங்கி, எண்ணிட்ட சிறு மரப் பெட்டிகளில் வைத்துவிடுகிறார்கள். பகலில் செயலிக்கு வேலையே இல்லை. மாலையில் கைப்பேசியைத் திரும்பப் பெற்றதும் செயலி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைத் திறக்கிறார்கள். தன் ஊர்ப் பேருந்து வளாகத்தில் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்க்க. அதுவும் அவசரம்தான், சன்னலோர இருக்கைக்கு. ஏறி உட்கார்ந்த பிறகு இன்னொரு முறை திறப்பதைக் கண்டேன். 'வீட்டுக்குத் தெரிவி' என்ற பொத்தானைத் தொடுகிறார்கள். பேருந்து கிளம்பிவிட்டது, இத்தனை மணிக்கு ஊருக்கு வரும் என்று வீட்டுக்குச் செய்தி போகும். சாலையிலிருந்து உள்ளே நடக்கும் வழியில் விளக்கில்லாத ஊர்களில், அதைப் பார்த்து யாராவது எதிரே வந்து நிற்பார்கள். செய்தி போனதும் 'தெரிவித்தாயிற்று' என்று திரையில் வரும். அந்தச் சொல்லை நான்தான் எழுதினேன்; எழுதிய பிறகு மறந்தும்விட்டேன்.

நான்கைந்து இருக்கை தள்ளி நின்று பார்த்தபோது அதில் ஒன்றைக் கவனித்தேன். அந்தச் சொல் தோன்றிய பிறகு எவரும் உடனே கைப்பேசியை மூடவில்லை. சிறிது நேரம் அதைப் பார்த்தபடியே இருந்தார்கள். ஒருவர் பெருமூச்சுவிட்டார். ஒருவர் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். இனி முக்கால் மணி நேரம் அவர்கள் எதையும் தவறவிட முடியாது.

மறுநாள் நிரலாளரிடம் சொன்னேன்.

"அந்தப் பட்டன நான் ஒரு நாள்ல போட்டது அக்கா. ஊட்டுக்குப் போற ஒரு மெசேஜ்தானேன்னு விட்டுட்டேன். அதயா ஆசையா பாக்கறாங்க?"

"பார்க்கிறார்கள்."

புதிய விதிகளைத் தாளில் எழுதிக்கொண்டோம். மாலையில் மட்டும் கேட்பது. ஐந்து வெவ்வேறு நாட்களில் வீட்டுக்குத் தெரிவித்தவரிடம் மட்டும் கேட்பது. செய்தி போய்ச் சேர்ந்த பின், 'தெரிவித்தாயிற்று' என்பதைப் படிக்க நேரம் விட்டுக் கேட்பது. ஒருமுறை கேட்டவரை நான்கு மாதம் மீண்டும் கேட்பதில்லை. செயலி தடுமாறி நின்ற நாளில் கேட்பதில்லை. பேருந்து தாமதமான நாளிலும் கேட்க வேண்டாம் என்றார் அவர். அதில் எனக்கு ஓர் உறுத்தல் ஏற்பட்டது.

"அது ஆளைப் பிரிப்பது ஆகாதா? எரிச்சலாக இருப்பவரை ஒதுக்குவது?"

"ஒதுக்கலியே. இன்னிக்கு லேட்டுன்னா நாளைக்குக் கேப்போம். ஆளு போகல, நாளுதான் போச்சு. அலுத்துப்போய் உக்காந்திருக்கறவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

குறை சொல்லவென்று ஒரு தனி வரியை எல்லாருக்கும் எந்நேரமும் தெரியும்படி முகப்பில் வைத்தால் ஒப்புக்கொள்வதாகச் சொன்னேன். வைத்தார். 'குறை சொல்ல' என்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை அது பொத்தானுக்குள் அடங்கியது.

எண் மெல்ல ஏறியது. அண்மையில் வந்த மதிப்பீடுகளுக்கே கடை கூடுதல் எடை தருமாம். அதனால் பழைய ஒற்றைகளின் பாரம் சிறிது சிறிதாகக் குறைந்தது. மூன்று புள்ளி நான்கு. மூன்று புள்ளி ஆறு. அங்கே நின்றுவிட்டது. கெடு முடிய மூன்று வாரம் இருந்தபோது அலுவலர் மீண்டும் அழைத்தார். அவர் அறையில் தோல் ஒட்டும் பசையின் வாசனை நிலையாகக் குடியிருந்தது.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றார். "சாயங்காலம் போன் திருப்பிக் குடுக்கற எடத்துல சூப்பர்வைசர நிக்க வெக்கறேன். ஆளுக்கு அஞ்சு ஸ்டாரு போட்டு அவர்கிட்ட காட்டிட்டுப் பஸ் ஏறணும்னு சொல்லிட்டா முடிஞ்சுது. நானூறு பேரு வெச்சிருக்காங்க ஆப்ப. ஒரே நாள்ல நாலே முக்கால். எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி."

அவர் உதவத்தான் சொன்னார். முகத்தில் கள்ளம் இல்லை. நான் நிரலாளரைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டியவர் அவர். மேசைமேல் இருந்த தோல் மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து, வளைத்து, விட்டார். மீண்டும் வளைத்தார்.

"வேணாம் சார்."

"ஏன்பா?"

"ஸ்டோர்ல அதுக்கு அனுமதி இல்ல சார். ஒரே எடம், ஒரே நேரம், நானூறு பேருகிட்டேந்து அஞ்சு அஞ்சு ஸ்டாரா வந்தா கண்டுபுடிச்சிருவாங்க. ஸ்டார எடுப்பாங்க. ஆப்பயே தூக்கினாலும் தூக்குவாங்க. அப்புறம் காலைல அவங்க எதப் பாத்துனு நிப்பாங்க?"

அலுவலர் தோள்களைக் குலுக்கினார். "உங்க இஷ்டம். நாலுன்னா நாலு. அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

வேலூருக்குத் திரும்பும் பேருந்தில் ஏறினோம். பள்ளிகொண்டா தாண்டியதும் நிரலாளர் சொன்னார்: "கண்டுபுடிக்க மாட்டாங்கன்னாலும் கஷ்டம்தான் அக்கா. ரெண்டு வார்னிங் வாங்கினாங்களே அந்தம்மா, அவங்களயும் நிக்க வெச்சு அஞ்சு போடச் சொல்லியிருப்பாரு."

"உங்களுக்குப் பெங்களூர்க் கடிதம்?"

"இருக்குது. இந்த மாசம் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேஜார்தான்."

கெடு முடிவதற்கு முந்தின வாரம் அந்த மலைப் பக்கத்து ஊர்ப் பேருந்தில் மாலையில் ஒருமுறை சென்றேன். அட்டை வருவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விருப்பம். காவல் நிற்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். ஏற்கெனவே நட்சத்திரம் இட்டவர் என்பதால் அவர் கைப்பேசியில் அட்டை வரவில்லை. அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த இளம்பெண்ணின் கைப்பேசியில் வந்தது. அவர் வீட்டுக்குத் தெரிவித்துவிட்டு, மடியில் வைத்த பொட்டலத்திலிருந்து வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா இது, ஸ்டாரு?"

"அதான். இவங்கதான் கேக்கறாங்க. இந்தா உக்காந்திருக்காங்களே."

இளம்பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திரையைப் பார்த்தார். பெருவிரலால் அட்டையைக் கீழே தள்ளினார். அது மறைந்தது. கைப்பேசியைப் பையில் போட்டுக் கடலையைத் தொடர்ந்தார். எனக்கும் இரண்டு கொடுத்தார்.

நட்சத்திரம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் முகம் சுளிக்கவில்லை. உரிக்கும் கை தாளம் தப்பவில்லை. கேட்டோம், மறுத்தார், அவ்வளவுதான். அந்தக் கடலையைத் தின்றபடி வந்தபோது, இதற்கு மேல் நல்ல நேரம் ஒன்று இந்தப் பேருந்தில் இல்லை என்று எனக்கு உறுதியாயிற்று.

காவல் பெண் என் பக்கம் சாய்ந்தார். "அவ போட மாட்டா. சோம்பேறி. எத்தனதான் இருக்குது இப்ப?"

"மூன்று புள்ளி எட்டு. நான்கு வேண்டும்."

"ம்" என்றார்.

கெடு நாளன்று காலை நாங்கள் இருவரும் மாடியில் கடைப் பக்கத்தைத் திறந்தோம். மூன்று புள்ளி ஒன்பது. கீழே பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். நிரலாளர் பக்கத்தை இன்னொரு முறை புதுப்பித்தார். மூன்று புள்ளி ஒன்பதே. கீழே உருட்டியபோது பூவின் படம் மேலே வந்திருந்தது. பழைய இரண்டு வரி போய்விட்டது. ஒற்றை நட்சத்திரம் மூன்றாகியிருந்தது.

"இப்ப பஸ்ஸு மட்டும் தெரியுது. அவளுக்கு வந்த வார்னிங்கு வந்ததுதான். அதனால மூணு."

நிரலாளர் அதை உரக்கப் படித்தார். "கரெக்ட்டுதான்" என்றார்.

மதியம் அலுவலர் பேசினார். நான்குக்குப் புள்ளி ஒன்று கம்மி என்று தொடங்கினார். தலைமை அலுவலகத்தில் மூன்று தொழிற்சாலைகளுக்கும் ஒப்புதல் தரவில்லை, ஒன்றுக்குத் தந்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் அதைப் பார்த்துத்தான். தம்முடைய பரிந்துரையில் அவர் எழுதியதைப் பிறகு எனக்குக் காட்டினார். நட்சத்திரம் பற்றி ஒரு வரி. விடியற்காலையில் 'பஸ் எங்க' என்று தமக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் நின்றுவிட்டன என்று நான்கு வரி.

வர இயலாது என்று நிரலாளர் பெங்களூருக்கு அன்றே பதில் எழுதினார். நான் திருத்தித் தர வேண்டும் என்று கேட்டார். அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லையும் நான் தொடவில்லை.

காவல் பெண்ணின் மூன்று நட்சத்திரத்துக்குக் கடைப் பக்கத்திலேயே பதில் எழுதலாம். முந்நூற்றைம்பது எழுத்துக்கு மிகாமல் எழுத வேண்டும். நான் நான்கைந்து வாக்கியங்கள் எழுதி அழித்தேன். இறுதியில் அந்தப் பெண்ணின் இரண்டாவது எச்சரிக்கையை நீக்கும்படி அலுவலரிடம் எழுத்தாகக் கேட்டிருக்கிறோம், விடை வந்ததும் சொல்கிறோம் என்று மட்டும் எழுதினேன். கேட்டும் இருந்தோம். அலுவலர் எச்சரிக்கையை நீக்க நெடுநாள் எடுத்துக்கொண்டார், ஆனால் நீக்கினார்.

புதிய தொழிற்சாலை இராணிப்பேட்டைப் பக்கம். அங்கே மாலைப் பேருந்தில் பாதிப் பேர் நின்றுகொண்டு போகிறார்கள். ஒரு கை மேல் கம்பியில். மறு கையில் பை. 'வீட்டுக்குத் தெரிவி' பொத்தானை ஏறுவதற்கு முன்பே, வரிசையில் நின்றபடி அழுத்துகிறார்கள். நானும் நிரலாளரும் இரண்டு மாலை அந்தப் பேருந்தில் நின்று சென்றோம். இந்த முறை அவரும் வந்தார். யாரிடமும் எதையும் கேட்கத் தகுந்த ஒரு நிமிடம் எங்களுக்குத் தென்படவில்லை. திரும்பி வந்ததும் அவர் விசைப் பக்கத்தைத் திறந்து, அந்தத் தொழிற்சாலைக்கு நேரே இருந்த பொத்தானைப் பார்த்தார். அது 'கேட்காதே' என்பதில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டுக் கணினியை மூடினார்.